வாவிக்கரைத் தேசப்படத்தை ஏ4 தாளில் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்காவின் மகளுக்குப் புவியியல் செயற்றிட்டம் ஒன்று வந்தது. தலைப்பு "மட்டக்களப்பு வாவியும் எழுவான்கரை ஊர்களும்". ஒரு தேசப்படம் கட்டாயம், அதில் அளவுத்திட்டம், வடக்கு, குறிவிளக்கம் மூன்றும் இருக்க வேண்டும். லெப்டொப்பில் QGIS என்ற தேசப்பட மென்பொருளைப் போட்டு இரண்டு இரவு இருந்து செய்து முடித்தோம். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முதல் தெரிந்தவர்கள் வரை ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்கள் முழுவதும் அந்த ஒரு படத்தை வைத்தே போகும். வடக்கே பாலமீன்மடு வெளிச்சவீடு, தெற்கே களுவாஞ்சிக்குடி, மேற்கே படுவான்கரையில் கொஞ்சம், கிழக்கே கடல்.

எல்லாரும் 1:50,000 என்கிறார்கள். ஏ4 தாளுக்கும் அதையே போடலாமா?

போட்டால் படம் தாளுக்கு வெளியே போய்விடும். 1:50,000 என்பது நில அளவைத் திணைக்களத்தின் இடவிளக்கப்படத்தின் அளவு. வகுப்பில் அதைப் படித்ததால்தான் அந்த எண் எல்லார் வாயிலும் வருகிறது. அந்தத் தாள் பெரியது, நம்முடைய தாள் சிறியது.

முதலில் காட்ட வேண்டிய இடம் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். வெளிச்சவீட்டிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை வடக்குத் தெற்காக ஏறத்தாழ 27 கிலோமீற்றர். ஏ4 தாள் 210 க்கு 297 மில்லிமீற்றர். சுற்றிவர 10 மில்லிமீற்றர் ஓரம் விட்டு, மேலே தலைப்புக்கும் கீழே அளவுத்திட்டத்துக்கும் இடம் ஒதுக்கினால் படத்துக்கு 190 க்கு 220 மில்லிமீற்றர் மிஞ்சும். 1:50,000 இல் அந்த 220 மில்லிமீற்றருக்குள் 11 கிலோமீற்றர்தான் அடங்கும். வெளிச்சவீட்டில் தொடங்கினால் ஆரையம்பதிப் பக்கத்தோடு தாள் முடிந்துவிடும்.

1:125,000 போட்டால் 27 கிலோமீற்றர் 216 மில்லிமீற்றராகும். கணக்குப்படி அடங்கும், ஆனால் வெளிச்சவீடு மேல்கோட்டிலும் களுவாஞ்சிக்குடி கீழ்கோட்டிலும் முட்டிக்கொண்டு நிற்கும். 1:150,000 இல் 180 மில்லிமீற்றர். மேலும் கீழும் மூச்சு விட இடம் இருக்கிறது. நாங்கள் எடுத்தது அதுதான். இந்த அளவுக்கு இன்னொரு வசதியும் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

இன்னொன்று, 1:137,000 மாதிரியான எண்ணை அப்படியே இருக்க விடாதீர்கள். மவுஸை உருட்டிப் படத்தைப் பொருத்தினால் அப்படித்தான் ஏதாவது வந்து நிற்கும். அடிமட்டம் வைத்து அளந்து பார்க்கும் ஆசிரியருக்கு அது தலைவலி.

வேலையைத் தொடங்க முதல் கீழே EPSG என்று ஏதோ இருக்கிறதே, அதைத் தொட வேண்டுமா?

தொடுங்கள். அது எறியத்தின் இலக்கம், அதாவது உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளுக்குக் கொண்டுவரும் முறையின் இலக்கம். QGIS சாளரத்தின் வலது கீழ் மூலையில் இருப்பதை அழுத்தி, தேடும் பெட்டியில் 5235 என்று தட்டினால் `SLD99 / Sri Lanka Grid 1999` வரும். அதைத் தெரிவுசெய்யுங்கள். இலங்கைக்கென்றே அமைந்த எறியம் அது, மீற்றரில் கணக்குப் பார்க்கும்.

பலருடைய படத்தில் அங்கே `EPSG:4326` இருக்கும். அது பாகையில் பேசுவது. அதை வைத்துக்கொண்டு அளவுக்கோட்டின் அலகு `Map units` என்று இருந்துவிட்டால், கோட்டின் மேல் 0.05, 0.1 என்று எண்கள் வரும். கிலோமீற்றர் வர வேண்டிய இடத்தில் தசம எண்களைக் கண்டால் காரணம் இதுதான்.

`EPSG:3857` என்று இருந்தால் நம் ஊரில் பெரிய கேடு இல்லை. அந்த எறியம் மத்திய கோட்டிலிருந்து விலக விலகத் தூரங்களை நீட்டிக் காட்டும். 60 பாகை அகலக்கோட்டில் இரண்டு மடங்காகிவிடும். மட்டக்களப்பு 8 பாகைக்குள்ளேயே இருப்பதால் இங்கே பிழை 100 இல் 1 பங்குக்கும் குறைவு. தாளில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் மாற்றுவதற்கு அரை நிமிடம்தானே.

New Print Layout திறந்தால் வெறும் வெள்ளைத் தாள் வருகிறது. அப்புறம் என்ன செய்வது?

வெள்ளைத் தாளின் மேல் வலது பொத்தானை அழுத்தி `Page Properties` எடுங்கள். `Size` இல் `A4`, `Orientation` இல் `Portrait`. கரையோரம் நெட்டையாகக் கிடப்பதால் தாளும் நெட்டையாக இருக்க வேண்டும். தாள் குறுக்காகவே இருக்கத் தக்கதாகப் படத்தைப் போட்டுவிட்டு, பாதித் தாள் ஏன் காலியாக இருக்கிறது என்று எங்கள் வீட்டிலும் ஒரு மணி நேரம் யோசித்தோம்.

பிறகு `Add Item` பட்டியலில் `Add Map` எடுத்துத் தாளில் ஒரு பெட்டி இழுங்கள். வலப்பக்கம் `Item Properties` திறக்கும். அதில் `Position and Size` க்குப் போய் அகலம் 190, உயரம் 220 என்று எண்ணாகவே கொடுங்கள். மேலே `Scale` பெட்டியில் 150000 என்று தட்டி Enter.

படம் சரியான இடத்தில் நிற்காவிட்டால் `Move item content` கருவியால் இழுத்து நகர்த்தலாம். அப்போது மவுஸின் சில்லை மட்டும் உருட்ட வேண்டாம். உருட்டினால் அளவு மாறிவிடும், மாறியது தெரியவும் தெரியாது. நகர்த்தி முடித்ததும் `Scale` பெட்டியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவுக்கோட்டை எத்தனை துண்டாகப் போடுவது?

`Add Scale Bar` எடுத்ததும் அது தானாக ஏதோ ஒரு நீளத்தைப் போடும். அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். `Scalebar Units` இல் `Kilometers`, `Segments` இல் இடது 0, வலது 3, `Fixed width` இல் 5. இப்போது 0, 5, 10, 15 என்று மூன்று துண்டுக் கோடு கிடைக்கும். இடப்பக்கத் துண்டை 0 ஆக்காவிட்டால் பூச்சியம் நடுவில் வந்து நிற்கும், பிள்ளைகள் குழம்புவார்கள். `Label for units` இல் "கி.மீ." என்று தமிழில் எழுதலாம்.

ஏன் 15 கிலோமீற்றர்? மேலே சொன்ன வசதி இதுதான். 1:150,000 இல் 1 சென்ரிமீற்றர் என்பது 1.5 கிலோமீற்றர். அப்படியென்றால் 15 கிலோமீற்றர் தாளில் சரியாக 10 சென்ரிமீற்றர். பாடசாலை அடிமட்டத்தை வைத்தால் ஒரே பார்வையில் அச்சு சரியா பிழையா என்று தெரிந்துவிடும்.

கோடு இருக்கும்போது 1:150,000 என்று எண்ணாலும் எழுத வேண்டுமா? எது முக்கியம்?

கேட்டிருந்தால் இரண்டையும் போடுங்கள். ஆனால் அச்சில் பிழைத்துக்கொள்வது கோடு மட்டும்தான்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கோப்பைப் பென்டிரைவில் போட்டு ஒரு கொமினிகேஷனுக்குக் கொண்டுபோனோம். அழகாகக் கலரில் அடித்துத் தந்தார்கள். வீட்டுக்கு வந்து அடிமட்டம் வைத்தால் 10 சென்ரிமீற்றர் இருக்க வேண்டிய கோடு 9.6 தான் இருக்கிறது. காரணம், அச்சிடும் பெட்டியில் `Fit` தெரிவாகியிருந்தது. பிரிண்டர் தாளின் ஓரங்களில் மை வைக்காது. அதனால் `Fit` என்று சொன்னால் முழுப் பக்கத்தையும் அந்த உள்ளளவுக்குள் சுருக்கிவிடும். நாங்கள் ஏற்கெனவே 10 மில்லிமீற்றர் ஓரம் விட்டிருந்தோம், சுருக்கவே தேவையில்லை. ஆனால் பிரிண்டருக்கு அது தெரியாதே.

9.6 சென்ரிமீற்றருக்கு வந்தால் உண்மையான அளவு 1:150,000 அல்ல, ஏறத்தாழ 1:156,000. தாளில் 10 சென்ரிமீற்றர் இடைவெளியுள்ள இரண்டு ஊர்களை எடுங்கள். எண்ணை நம்பிக் கணக்குப் பார்த்தால் 15 கிலோமீற்றர், உண்மையில் 15.6. அளவுக்கோட்டை வைத்து அளந்தால் சரியான விடை வரும், ஏனென்றால் படத்தோடு சேர்ந்து கோடும் அதே அளவு சுருங்கியிருக்கிறது. 1:150,000 என்ற வகைக்குறிப்பின்னம் வெறும் எழுத்து. தாள் சுருங்கினாலும் விரிந்தாலும் அது அப்படியே நிற்கும்.

ஏ4 படத்தை ஏ3 க்குப் பெருப்பித்துப் போட்டோகொப்பி எடுத்தாலும் இதே கதைதான். அது 141 சதவீதம். கோடு 14.1 சென்ரிமீற்றராக நீளும், உண்மையான அளவு 1:106,000 அளவில் நிற்கும், எழுத்தோ இன்னும் 1:150,000 என்றே சொல்லும்.

ஆகவே கடையில் `Actual size` அல்லது 100% என்று சொல்லி அடியுங்கள். பணம் கொடுக்க முன்னர் அங்கேயே அடிமட்டம் வையுங்கள். மறுபடி அடிக்க வழியில்லை என்றால் எண்ணால் எழுதியதை நீக்கிவிட்டுக் கோட்டை மட்டும் விடுவது நேர்மையான வழி.

படத்தை வேர்ட்டில் போட்டு ஒப்படையோடு சேர்த்து அடிக்கலாமா?

வேறு வழி இல்லையென்றால் சரி. ஆனால் மூலையைப் பிடித்து மட்டும் சிறிதாக்குங்கள். பக்கத்துப் புள்ளியைப் பிடித்து இழுத்தால் படம் ஒரு திசையில் நசியும். அப்போது கிழக்கு மேற்காகக் கிடக்கும் அளவுக்கோடு சுருங்கும், வடக்குத் தெற்குத் தூரம் சுருங்காது. அதோடு கோடும் பொய் சொல்லத் தொடங்கிவிடும். இந்தப் பிழையை அடிமட்டத்தாலும் பிடிக்க முடியாது.

வட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்புவதென்றால் படமாக அனுப்பாமல் டொக்கியூமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது நெருக்கிச் சிறிதாக்கிவிடும், ஊர்ப்பெயர்கள் மங்கிப்போகும்.

மேலே வடக்கு என்று எல்லாருக்கும் தெரியும்தானே, அம்புக்குறி எதற்கு?

படத்தைத் திருப்பலாம் என்பதால்தான். நம் கரையோரம் நேர் வடக்குத் தெற்கு இல்லை. வெளிச்சவீட்டிலிருந்து களுவாஞ்சிக்குடிக்குப் போகும் கோடு தெற்கிலிருந்து ஏறத்தாழ 22 பாகை கிழக்கே சாய்ந்திருக்கிறது. `Map rotation` இல் 22 என்று கொடுத்தால் கரை செங்குத்தாக நிமிர்ந்துவிடும். பார்க்க நேர்த்தியாகவும் இருக்கும். அப்போது வடக்கு மேலே இல்லை, வலப்பக்கம் 22 பாகை சாய்ந்திருக்கும்.

`Add North Arrow` மூலம் போட்ட அம்பு படத்தோடு சேர்ந்து தானாகத் திரும்பும். `Image Rotation` பகுதியில் `Sync with map` இல் சரி அடையாளம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இணையத்தில் எடுத்த திசைகாட்டிப் படத்தை வெட்டி ஒட்டியவர்களுடைய அம்பு நேரே மேலே பார்த்துக்கொண்டிருக்கும். அப்படி ஒரு படத்தில் சூரியன் வாழைச்சேனைப் பக்கமாக உதிக்கும் போலிருந்தது.

எங்கள் படத்தை நாங்கள் திருப்பவில்லை. திருப்பினால் கரையின் முழு நீளமான 29 கிலோமீற்றரும் நெட்டாக நிற்கும். நமக்கு இடநெருக்கடி உயரத்தில்தான், அகலத்தில் இல்லை. ஆகவே திருப்பி இலாபம் ஒன்றுமில்லை. எழுவான்கரை, படுவான்கரை என்று சூரியனை வைத்துப் பெயரிட்ட ஊருக்குக் கிழக்கு வலப்பக்கத்திலேயே இருப்பதுதான் பொருத்தமும்கூட.

அம்பில் எளிய வடிவத்தை எடுங்கள். பதினாறு திசையும் பூவேலைப்பாடும் உள்ள ரோஜா வடிவம் 15 மில்லிமீற்றருக்குள் வெறும் கறுப்புப் பொட்டாகிவிடும்.

குறிவிளக்கத்தில் என்னென்னவோ ஆங்கிலப் பெயர்கள் வருகின்றன. எப்படி எடுப்பது?

அவை உங்கள் அடுக்குகளின் பெயர்கள். `Add Legend` போட்டதும் QGIS திட்டத்தில் உள்ள எல்லாவற்றையும் கொட்டிவிடும். `Legend Items` இல் `Auto update` அடையாளத்தை நீக்குங்கள். நீக்காதவரை எதையும் மாற்ற விடாது. பிறகு வேண்டாததைச் சிவப்புக் கழித்தல் குறியால் அகற்றலாம், வேண்டியதை இருமுறை தட்டி "வாவி", "பிரதான வீதி", "பாலம்", "நெல்வயல்" என்று பெயர் மாற்றலாம்.

ஒரு விதி போதும். படத்தில் இருப்பது விளக்கத்தில் இருக்க வேண்டும், படத்தில் இல்லாதது அங்கே இருக்கக் கூடாது. அச்சடித்த தாளில் ஒவ்வொரு குறியாக விரல் வைத்துப் பாருங்கள். எங்கள் முதல் பிரதியில் "புகையிரதப் பாதை" என்று அழகாக ஒரு குறி இருந்தது. மட்டக்களப்பு நிலையத்துக்குத் தெற்கே ரயில் ஏது? அந்த அடுக்கின் சிறு துண்டு ஒன்று மேல் மூலையில் ஒளிந்திருந்தது, அவ்வளவுதான். அடுக்கையே அணைத்துவிட்டோம்.

பாலங்களுக்குத் தனிக்குறி தேவை. இந்த அளவில் 300 மீற்றர் நீளமான பாலம் தாளில் 2 மில்லிமீற்றர்தான். வீதியின் தொடர்ச்சியாகவே விட்டால் அங்கே பாலம் இருப்பதே தெரியாது. வாவியைப் பற்றிய படத்தில் கல்லடிப் பாலமும் மண்முனைப் பாலமும் பட்டிருப்புப் பாலமும் தெரியாவிட்டால் பிறகு படம் எதற்கு? மூன்றுக்கும் குறுக்குக்கோடு போன்ற ஒரு குறி போட்டுப் பெயரும் எழுதினோம்.

எல்லாவற்றையும் எங்கே வைப்பது? தாளில் இடமே இல்லை.

இடம் இருக்கிறது, கடலில். கரை தென்கிழக்காகச் சாய்வதால் படத்தின் வலது மேல் மூலை முழுவதும் வெறும் வங்காள விரிகுடா. குறிவிளக்கத்தையும் வடக்கு அம்பையும் அங்கே வைத்தால் ஓர் ஊரும் மறையாது. இடது கீழ் மூலையில் வைத்தீர்களோ, படுவான்கரை வயல்கள் பெட்டிக்கு அடியில் போய்விடும். அளவுக்கோடு 10 சென்ரிமீற்றர் நீளம் என்பதால் அது படத்துக்குக் கீழே, தாளின் அடிப்பகுதியில்.

கலரில் அழகாக இருந்தது, போட்டோகொப்பியில் வாவியும் வயலும் ஒன்றாகிவிட்டன.

இளநீலமும் இளம்பச்சையும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பல். நிறத்தை மாற்றுவதைவிட வடிவத்தை மாற்றுங்கள். வாவிக்கு இளம் நிறத்தோடு அழுத்தமான கரைக்கோடு, வயலுக்குச் சரிவான கோட்டு நிரப்பல். அடுக்கின் `Symbology` இல் `Line Pattern Fill` என்று இருக்கும். அடிக்கும் முன் திரையிலேயே பார்க்க வேண்டுமானால் லேயவுட்டின் `View` பட்டியலில் `Preview` க்குள் சாம்பல் நிறத்தில் காட்டும் தெரிவு உண்டு.

தமிழ் எழுத்து உடைகிறது, சிலவேளை ஆங்கில எழுத்தாக வருகிறது.

இரண்டும் இரண்டு வியாதி. ஆங்கிலமும் குறிகளுமாக வந்தால் நீங்கள் பாமினியில் தட்டியதை ஒட்டியிருக்கிறீர்கள். பாமினி யூனிகோட் அல்ல, அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அடியிலுள்ள ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். யூனிகோடுக்கு மாற்றி, `Nirmala UI` அல்லது `Noto Sans Tamil` எழுத்துருவைத் தெரிவுசெய்யுங்கள்.

கொம்பும் காலும் இடம்மாறி வந்தால் பிடிஎஃப் எடுக்கும்போது நடந்த கோளாறாக இருக்கலாம். `Export as PDF` அழுத்தியதும் வரும் பெட்டியில் `Text export` க்கு `Always Export Text as Paths` என்றிருப்பதை விடுங்கள். எழுத்து அப்போது கோடாக மாறிவிடும், கடைக் கணினியில் எழுத்துரு இல்லாவிட்டாலும் பாதிப்பில்லை.

பின்னணியில் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் போட்டேன். திரையில் பெயர் வாசிக்கலாம், அச்சில் எறும்பு மாதிரி இருக்கிறது.

அது படத் துண்டுகளாக வருவது. 300 டிபிஐ இல் ஏற்றுமதி செய்யும்போது QGIS இன்னும் நுணுக்கமான துண்டுகளைக் கேட்டு வாங்கும். அவற்றில் எழுத்தின் அளவு திரைக்கு ஏற்றபடி இருப்பதால் தாளில் சுருங்கிவிடும். `Export resolution` ஐ 120 அளவுக்குக் குறைத்தால் எழுத்துப் பெருக்கும், ஆனால் படம் கொஞ்சம் மங்கும்.

நல்ல வழி வேறு. `QuickOSM` செருகியால் வாவியையும் வீதிகளையும் தனித்தனி அடுக்குகளாக இறக்கி, பின்னணியை அணைத்துவிட்டு, ஊர்ப்பெயர்களை நீங்களே தமிழில் போடுவது. எல்லா வீதியும் வேண்டாம். கரையோரம் போகும் கொழும்பு மட்டக்களப்பு வீதி, பாலங்களுக்குப் போகும் வீதிகள், அவை போதும். அந்தப் பிரதான வீதியின் இலக்கமும் ஏ4 தான். ஏ4 தாளில் ஏ4 வீதி என்று அக்காவின் மகள் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எப்படி எடுத்தாலும் தரவுக்கு உரிமை குறிப்பிடுவது நிபந்தனை. தாளின் அடியில் சிறிய எழுத்தில் இந்த வரி வேண்டும்:

```
© OpenStreetMap contributors
```

எங்களிடம் கணினியே இல்லை. கையால் வரைந்தால்?

அப்போது 1:100,000 எடுங்கள், 1 சென்ரிமீற்றர் 1 கிலோமீற்றர். 27 கிலோமீற்றருக்கு 27 சென்ரிமீற்றர் வேண்டும், ஆகவே ஏ3 அல்லது டிமைத் தாள். நூலகத்திலோ பாடசாலையிலோ 1:50,000 தாள் கிடைத்தால் அதில் 2 சென்ரிமீற்றர் சதுரங்களை எடுத்து, உங்கள் தாளில் பென்சிலால் 1 சென்ரிமீற்றர் சதுரங்கள் போட்டு, ஒவ்வொரு சதுரத்திலும் கரைக்கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று பார்த்து மாற்றுங்கள். வாவியின் வளைவுகள் அதிகம் உள்ள இடத்தில் மட்டும் சதுரத்தை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம். மை போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு பென்சில் கோடுகளை அழியுங்கள்.